அம்மிச்சிக்கு 75: இந்த வருசம் பொறந்த நாளுக்கு 25 மணி நேரம்

அம்மிச்சிக்கு, சென்னிமலைப் பக்கமிருந்து உங்க பேரன் பேத்திக எல்லாருமாச் சேர்ந்து எழுதறது.

பொறந்த நாள் வாழ்த்துங்க அம்மிச்சி. நாளைக்கு, 2025 அக்டோபர் 26 ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு 75 நெறையுது. நெம்ப நாளைக்கு இதே கையும் காலுமா, இதே கணீர்னு பேசற தொண்டையோட நல்லா இருக்கோணும்.

எல்லாருக்கும் பொறந்த நாள்னா 24 மணி நேரந்தான். உங்களுக்கு இந்த வருசம் 25. ராத்திரி 2 மணி ஆனதும் லண்டன்ல கடிகாரம் திரும்பி 1 ஆயிரும். வருசா வருசம் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை நடக்கறதுதான், இந்தத் தடவை சரியா உங்க நாளைப் பார்த்து வந்திருக்குது. அந்த எச்சு ஒரு மணி நேரத்தைத் தூக்கத்துல விட்டுடாதீங்கன்னு சொல்லலை, தூங்குங்க. பகல்ல அதை நாங்க எடுத்துக்கறோம்.

எப்படின்னா, நாளைக்கு உங்க நேரம் காலைல 10.30-க்கு வாட்ஸ்அப்புல வீடியோ அழைப்பு வரும். இங்க அப்ப பொழுதோட 4 மணி. இத்தன நாளும் நமக்கும் உங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், நாளையிலிருந்து அஞ்சரை. பழைய கணக்குல பார்த்தீங்கன்னா ஒரு மணி நேரம் முன்னாலயே வந்து உக்காந்து, "ஒருத்தனும் கூப்பிடலை"ன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. போன்ல இருக்கற மணி தானாவே மாறிரும். சுவர்ல மாட்டியிருக்கறதும் அடுப்புல மின்னறதும் மாறாது. அதனால நாளைக்கு முழுக்கப் போனை மட்டும் நம்புங்க.

நீங்க கூப்பிட வேண்டாம், நாங்களே கூப்பிடறோம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டும் பிஸின்னு வந்து அஞ்சு நிமிசம் வீணாப் போயிரும். போனை ராத்திரியே சார்ஜ் போட்டு வைங்க. காலைல சர்க்கரை டப்பாவுக்குச் சாய்ச்சு, சன்னல் உங்க முகத்துக்கு எதுத்தாப்புல வர்ற மாதிரி வைங்க. சன்னல் முதுகுப் பக்கம் இருந்தா முகம் கருப்பாத்தான் தெரியும், அத்தை "அம்மா எளச்சுப் போயிட்டாங்க"ன்னு ஒரு பாட்டம் அழுதுருவாங்க.

அழைப்பு எதுக்குன்னா, ஒப்பிட்டுச் சுடத்தான். இங்க நாங்க ஒரு அடுப்பு, அங்க நீங்க ஒரு அடுப்பு. உங்களுக்கு ஒப்பிட்டுச் சொல்லித்தர எங்களுக்கு வயசு பத்தாதுங்க. ஆனா ஒண்ணு இருக்குது. நோம்பிக்கு வள்ளத்துல அளந்து ஊருக்கே போட்ட கை உங்களுது, ஒரு ஆளுக்குன்னு அளந்ததே இல்லை. அதனாலதான் அங்க போய் "ஒருத்திக்கு எதுக்கு ஒப்பிட்டு"ன்னு விட்டுட்டீங்க. உங்க கணக்கையே எடுத்து 6 ஒப்பிட்டுக்குப் பிரிச்சு அம்மா எழுதியிருக்காங்க:

கடலைப்பருப்பு 75 கிராம், நாட்டுச்சர்க்கரை 60 கிராம், ஏலக்காய் 2. மேல்மாவுக்கு மைதா 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, தண்ணி 65 முதல் 70 மில்லி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. தேங்காய் போட வேண்டாம், ஏன்னு கீழ சொல்றோம்.

காலைல 8 மணிக்குப் பருப்பை ஊறப் போடுங்க. அப்பவே மாவையும் பிசைஞ்சு, எண்ணெயை மேல ஊத்தி மூடி வைங்க. இங்கன்னா ஒரு மணி நேரம் போதும். அங்க இந்தக் குளிர்ல மாவு வெறச்சுக்கிட்டு இழுக்கவே இழுக்காது, அதனால ரெண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஹீட்டர் இருக்கற அறையில வைங்க, ஆனா ஹீட்டர் மேலயே வைக்காதீங்க, அடி மாவு காஞ்சு போயிரும்.

9 மணிக்குப் பருப்பைத் திறந்த போசியில வேக வைங்க. குக்கர் வேண்டாம், இத்துனூண்டு பருப்பு குக்கர்ல கொழஞ்சு போயிரும். விரல்ல அமுக்குனா உடையோணும், மசியக் கூடாது. 20, 25 நிமிசத்துல வந்துரும். வடிகட்டி அஞ்சு நிமிசம் அப்படியே விட்டு, தண்ணி சுத்தமா இறங்கின பொறகு அரைங்க. அந்தத் தண்ணியைக் கொட்டீராதீங்க, மத்தியான ரசத்துக்கு அதுதான். சர்க்கரை சேர்த்ததும் பூரணம் எளகும். அப்ப பயந்து மாவு கீவு சேர்க்காம, அடி கனமான சட்டியில சிறு தீயில கிண்டுங்க. உருட்டுனா விரல்ல ஒட்டாத பதம் வந்தா இறக்கிரலாம். சூட்டோட மட்டும் மாவுக்குள்ள வைக்கக் கூடாது, ஆவி வேர்த்து மேல்மாவு கிழியும். 10.30-க்குள்ள ஆறிரும், ஆறு உருண்டை உருட்டி வச்சுட்டு உக்காருங்க. மீதி போன்ல.

வாழையெலைக்கு எங்கயும் அலைய வேண்டாம், கேக் சுடற பேப்பர் போதும், எண்ணெய் தடவிக்கோங்க. நெய் அங்கயே வாங்கிக்கோங்க. ஊத்துக்குளி நெய் ஒரு கிலோ மாமன் வாங்கி வச்சுட்டாரு, ஆனா பால், நெய், வெண்ணெய், பால்கோவா எதையும் இங்கிருந்து பார்சல்ல அனுப்ப அந்த நாட்டுச் சட்டம் விடாது. பிடிச்சாங்கன்னா அழிச்சுருவாங்க. அந்த நெய் இங்கதான் இருக்குது, மாமன் கரைச்சுக்கிட்டு இருக்காரு.

சுட்டதுல மொத ஒப்பிட்டு அப்புச்சி படத்துக்கு. ரெண்டு நீங்க சாப்பிடுங்க. ரெண்டு பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு, மழையில உங்க குப்பைத் தொட்டியை வெளிய தள்ளி வைக்கற கையாச்சே. மீதி ஒண்ணு இருக்குமில்லீங்களா, அதுக்குத்தான் தேங்காய் வேண்டாம்னது. நாளன்னிக்குத் திங்கக்கிழமை சூரசம்ஹாரம், நீங்க விரதம். செவ்வாக்கிழமை திருக்கல்யாணத்தன்னைக்குத்தான் எடுப்பீங்க. தேங்காய் போட்டா அதுக்குள்ள சிக்கடிச்சுரும். போடாம ஃப்ரிட்ஜுல மூடி வச்சா நல்லா இருக்கும், தோசைக்கல்லுல நெய் விட்டுச் சூடு பண்ணிக்கோங்க. மைக்ரோவேவ்ல வச்சா ஆறுன உடனே தோலாட்ட ஆயிரும்.

பார்சல் தாட்டி விட்டாச்சு, அடுத்த வாரத்துல வந்துரும். உள்ள என்னன்னா, ஒரு நெகமம் சேலை, அரக்குக் கரை. மொத ரெண்டு தடவை பச்சைத் தண்ணியில ஒரு கை உப்புப் போட்டுத் தனியா அலசுங்க, கரை சாயம் விடும், வெள்ளைத் துணியோட சேர்த்தா எல்லாம் ரோஸ் ஆயிரும். அதுக்கப்புறமேட்டுக்கு மெஷின்ல 30 டிகிரிக்கு மேல வேண்டாம். ஒரு சென்னிமலைப் போர்வை, டீவி பார்க்கறப்பக் கால்மேல போட்டுக்கறதுக்கு. ஈரோட்டு மஞ்சள்தூள் கால் கிலோ, நாட்டுச்சர்க்கரை அரைக் கிலோ, எள்ளுருண்டை ஒரு டப்பா. எள்ளுருண்டையைப் பல்லு பார்த்துக் கடிங்க.

மொத்தத்தையும் 39 பவுண்டுக்குள்ள அடக்கி, அன்பளிப்புன்னு படிவத்துல எழுதியிருக்கோம். அந்த அளவு வரைக்கும் வரி கிடையாது. அதனால "உங்க பார்சலுக்கு 2 பவுண்டு கட்டுங்க, இதை அமுக்குங்க"ன்னு போன்ல செய்தி வந்தா அது திருட்டு வேலை. அமுக்காதீங்க, எங்களுக்குத் தாட்டி விடுங்க, நாங்க பார்த்துக்கறோம்.

ஊர்ச் சீர் அது. 75 ஆனதுக்கு அந்த ஊர் சர்க்காரும் சீர் வச்சிருக்குதுங்க. ஆர்எஸ்வின்னு ஒரு தடுப்பூசி, நெஞ்சுச் சளிக்கு, 75 நெறஞ்சாத்தான் போடுவாங்க. நாளையிலிருந்து உங்களுக்கு உண்டு. வருசா வருசம் வேண்டாம், ஒரே ஊசி. திங்கக்கிழமை விரதத்தோட எதுக்கு, புதன்கிழமை டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டு நாள் கேளுங்க. கொரோனா ஊசியும் இந்தக் குளிர் காலத்துல 75 ஆனவங்களுக்கு இலவசம், அதையும் கேட்டுருங்க. ஃப்ளூ ஊசி போன மாசமே போட்டாச்சுன்னு சொன்னீங்க. ஆர்எஸ்வியையும் மத்த ஊசியையும் ஒரே நாள்ல போடறது அங்க வழக்கமில்லை, ரெண்டு நாளாப் பிரிச்சு வாங்குங்க. குளிருக்குக் கணப்புச் செலவுன்னு 200 பவுண்டும் நவம்பர், டிசம்பர்ல தானா பேங்குல ஏறும். அதுக்கும் யாரும் உங்ககிட்ட நம்பர் கேக்க மாட்டாங்க, கேட்டா அதுவும் திருடன்தான்.

நாளையிலிருந்து அங்க நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது விழுந்துரும், இன்னைக்குவரை அது அஞ்சே முக்கால். கோயிலுக்குப் போறதானா மத்தியானச் சோத்துக்கு முன்னால போயிட்டு வந்துருங்க. ஈரத்துல எல விழுந்து கெடக்கற நடைபாதை சோப்பு மாதிரி வழுக்கும், ரப்பர் அடி போட்ட அந்தக் கருப்புச் செருப்பைப் போடுங்க, அழகுச் செருப்பு வேண்டாம். பொழுது சீக்கிரமா விழற நாளெல்லாம் வீடு ரொம்பப் பொட்டாட்ட இருக்கும்னு எங்களுக்குத் தெரியுங்க. அதனால இனி தினமும் கூப்பிடற நேரத்தையும் மாத்தியாச்சு. உங்க மணி 4.30, இங்க ராத்திரி 10. தூங்கப் போறதுக்கு முன்னால ஆளுக்கொரு நாள். திங்க, புதன் சின்னவன், செவ்வா, வியாழன் நான், வெள்ளி அம்மா, சனி, ஞாயிறு யாரு மொதல்ல போனைப் பிடுங்கறாங்களோ அவங்க.

ஊர்ச் சேதி கேப்பீங்க. ஐப்பசி மழை ரெண்டு தூத்தல் போட்டிருக்குது. கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் ஒசரம். கிளுவை வேலி தழைஞ்சு நிக்குது, தெக்கால மூலையில மட்டும் ரெண்டு பாகம் சந்து விழுந்து செம்மறி பூந்துச்சு, அப்பா புதுப் போத்து நட்டிருக்காரு. நீங்க வச்ச வெள்ளவேலான் ரெண்டும் நல்லா இருக்குது. நாளைக்கு அழைப்பு முடியறப்பப் போனைக் காட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் ஒரு சுத்துக் காட்டறோம், வெளிச்சம் அஞ்சே முக்கால் வரைக்கும் இருக்கும். அதுக்குத்தான் 4 மணின்னு வச்சது.

தலைக்குக் குளிச்சு, விபூதி வச்சு, அந்த மாம்பழக் கலர் சேலையக் கட்டிக்கிட்டு உக்காருங்க.

உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டு,
மூத்த பேத்தி, சின்னவன், மாமன் வீட்டு ரெட்டைவாலுக ரெண்டும்

மறந்தே போச்சுங்க: சுவர்க் கடிகாரத்தைத் திருப்பறேன்னு ஸ்டூல் போட்டு ஏறிராதீங்க. பக்கத்து வீட்டு அக்கா மகன் வந்தா ஒரு நிமிச வேலை. வரலைன்னாலும் விட்டுருங்க, மார்ச் 29 வந்தா அதுவே சரியாயிரும்.