இந்த மெட்டு எதுவென்று தெரியுமா? மூன்று எண்ணிக்கை, நிமிடத்துக்கு 92 தட்டு, கிளாரினெட், விமான நிலையக் காத்திருப்புக் கூடம்

வணக்கம். வாத்திய இசை ஒன்றைத் தேடுகிறேன். பாடல் வரி கிடையாது, அதனால் வரியை வைத்துத் தேட வழியில்லை. கேட்டதையெல்லாம் முடிந்தவரை துல்லியமாக எழுதுகிறேன். யாருக்காவது பொறி தட்டினால் சொல்லுங்கள்.

கேட்ட இடம் ஒரு விமான நிலையம். சென்ற மாதம், அடுத்த விமானத்துக்காக நள்ளிரவு தாண்டிக் காத்திருந்தபோது, கூரை ஒலிபெருக்கியில் அறிவிப்புகளுக்கு நடுவே மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் போனது தனிப் பியானோ, பின்னால் வந்ததும் குரல் இல்லாத இசைதான். ஆக இது திரைப்படப் பாடல்களின் வரிசை இல்லை, அமைதியான வாத்திய இசையாகப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. அங்கே பணியில் இருந்தவரிடம் கேட்டேன். இசை வெளி நிறுவனம் ஒன்றிடமிருந்து வருகிறது, பட்டியல் எங்களிடம் இருக்காது என்றார்.

இடத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அறிவிப்புக்கான கூரை ஒலிபெருக்கிகளில் அடித்தொனி பெரும்பாலும் எடுபடாது, இடது வலது பிரிவும் இருக்காது. அதனால் பேஸ் வாசித்தார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அசல் பதிவில் ஆழமான டபுள் பேஸ் இருந்தாலும் இருக்கலாம். நீங்கள் நினைக்கும் இசையில் பேஸ் தூக்கலாக இருக்கிறது என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

வேகம்: மூன்று எண்ணிக்கை, வால்ட்ஸ் மாதிரி. போனில் பிடித்த 43 விநாடிப் பதிவை வைத்துத் தட்டிப் பார்த்தால் 30 விநாடிக்கு 46 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 92. மூன்று தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி. வியன்னா பாணி நடன வால்ட்ஸ் இதைவிட வெகு வேகமாக ஓடும். வேகத்தை வைத்துத் தேடுகிறவர்கள் 46, 184 இரண்டையும் பாருங்கள். மென்பொருள் கணிக்கும்போது பாதியாகவோ இரட்டிப்பாகவோ விழுவது சகஜம். வேகம் இயந்திரம் போல நிலையாகவும் இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் சற்றே இழுத்து, அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பதிவு என்றுதான் படுகிறது.

இனி மெட்டு. சுருதி இரண்டு கட்டை. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: ஸ்வரங்கள் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள், ஆனால் கமகம் துளியும் இல்லை, ஒவ்வொரு ஸ்வரமும் நேராக நிற்கிறது. மேற்கத்திய முறையில் டி டோரியன். கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். முதல் இரண்டு வரி இப்படிப் போகிறது (முன்னால் புள்ளி வைத்தது கீழ்ஸ்தாயி, கோடு நீட்டல்):

```
.ப | ஸ - ரி | க - ரி | ஸ - .நி | .த -
.ப | ஸ - ரி | க - ம | ப - - | - -
```

ஏபிசி குறியீட்டில் வேண்டுமென்றால்:

```
X:1
M:3/4
L:1/4
Q:1/4=92
K:DDor
A, | D2 E | F2 E | D2 C | B,2
A, | D2 E | F2 G | A3- | A2 |]
```

ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துத் தேடும் பார்சன்ஸ் குறியீடு:

```
*UUUDDDDDUUUUU
```

முதல் வரி முடியும் அந்தக் கீழ்த் தைவதத்தைக் கவனியுங்கள். அது சதுஸ்ருதி தைவதம். வழக்கமான மைனர் மெட்டாக இருந்தால் அங்கே சுத்த தைவதம் விழுந்து, காது எதிர்பார்க்கிற சோகம் வந்திருக்கும். இங்கே கிடார் டி மைனரிலிருந்து ஜி மேஜருக்கு மாறுகிறது, மெட்டு சட்டென்று வெளிச்சமாகிறது. என்னை உட்கார விடாமல் எழுப்பி ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நிற்க வைத்தது அந்த ஒரு ஸ்வரம்தான். மனம் கனக்கிறது, ஆனால் அழுகை இல்லை. வெகுகாலம் பேசாமலிருந்த இருவர் சண்டையை நினைவுபடுத்தாமல் பேச ஆரம்பிப்பது போன்ற ஒரு தணிவு. ‘சோகம்’ என்ற தலைப்பின்கீழ் தேடினால் இது அகப்படாது என்று நினைக்கிறேன். ‘ஏக்கம்’, ‘அமைதி’ இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

மெட்டை வாசிப்பது கிளாரினெட் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். சாக்ஸபோனாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். கீழ்ஸ்வரங்களில் மரத்துக்குள்ளிருந்து வருவது போன்ற பொள்ளலான நாதம் ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், இரண்டாம் வரி முடிவில் பஞ்சமத்தைத் தொட்டதும் நாதத்தின் நிறமே மாறிவிடுகிறது. அதுவரை மூடியிருந்த ஒலி பளிச்சென்று திறக்கிறது. வழக்கமான பி ஃப்ளாட் கிளாரினெட்டில் அந்த இடம்தான் வாத்தியம் கீழ்ப் பகுதியிலிருந்து மேற்பகுதிக்குத் தாண்டும் எல்லை. வாசிப்பவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை. அந்தத் திறப்பைக் கணக்கில் வைத்தே மெட்டமைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

துணைக்கு நைலான் தந்தி கிடார், ஒரு தட்டுக்கு ஒரு தந்தியாகப் பிரித்து மீட்டுகிறது. டிரம்மில் குச்சி இல்லை, பிரஷ்தான், அதுவும் உரசல் அளவுக்கே. இடையிடையே மணி போல ஒலித்து லேசாக நடுங்கி அடங்கும் ஒன்று கேட்கிறது. வைப்ரபோன் என்று நினைக்கிறேன், அந்த நடுக்கம் சீரான அலையாக வருவதால். இரண்டாம் பகுதியில் செல்லோ நுழைகிறது. மேல் ஷட்ஜத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கி வர, கிளாரினெட் ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு முதல் மெட்டு திரும்பும்போது ஒரு பெண் குரல் சொல் இல்லாமல் கிளாரினெட்டோடு சேர்ந்து முனகுகிறது. குரலை முன்னால் வைக்கவில்லை. கவனிக்காவிட்டால் அதுவும் ஒரு வாத்தியம் என்றே கடந்துபோகும். இந்தத் தேடலில் மிகவும் உதவக்கூடிய அடையாளம் இதுவே என்று நம்புகிறேன். கிளாரினெட்டும் முனகலும் ஒரே ஸ்தாயியில் ஒன்றாகப் போவது அடிக்கடி கேட்கிற சேர்க்கை அல்ல.

முடிவு எப்படி என்று தெரியவில்லை, விமான அறிவிப்பு மேலே வந்து விழுந்துவிட்டது. நான் கேட்ட வரையில் மூன்று நிமிடத்துக்குக் குறையாது.

உடனே நினைவுக்கு வரக்கூடிய இரண்டை நானே சரிபார்த்துவிட்டேன். ஷோஸ்டகோவிச்சின் புகழ்பெற்ற இரண்டாம் வால்ட்ஸ் இல்லை. அது பெரிய இசைக்குழு, சாக்ஸபோன், சி மைனர், வேகமும் கூடுதல். சத்தீயின் முதல் ஜிம்னோபெதியும் இல்லை. அது மூன்று எண்ணிக்கைதான், மெதுவானதுதான், ஆனால் மேஜர், மூலத்தில் தனிப் பியானோ.

ஷஸாமில் பதிவைக் கொடுத்தேன், ஒன்றும் வரவில்லை. அது தன் சேகரிப்பில் உள்ள அதே ஒலிப்பதிவோடுதான் பொருத்திப் பார்க்கும், சேகரிப்பில் இல்லாததைக் கண்டுபிடிக்காது. மெட்டை முனகிக் கூகுளிலும் தேடினேன். வந்தவை எல்லாம் முதல் நான்கு ஸ்வரத்தோடு பிரிந்துபோகின்றன. இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே தயாரித்து உரிமம் கொடுக்கும் இசைத் தொகுப்புகள் உண்டு, இது அதில் ஒன்றாக இருக்கலாம். அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிளாரினெட், வைப்ரபோன், நைலான் கிடார் சேர்த்து மெதுவான மூன்று எண்ணிக்கையில் எழுதும் இசையமைப்பாளரோ சிறு குழுவோ தெரிந்தால் சொல்லுங்கள், அவர்களுடைய இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறேன். மெட்டை வாசித்துப் பார்த்துவிட்டு, வேறு எதையோ நினைவுபடுத்துகிறது என்றாலும் எழுதுங்கள். பதிவு வேண்டும் என்பவர்களுக்கு அனுப்புகிறேன். 12-ஆவது விநாடியிலிருந்து கேளுங்கள், அதற்கு முன்னால் பெட்டிச் சக்கரச் சத்தம்தான்.