இஞ்ச வடக்கு வேற

காலமை ஆறரை இருக்கும், கிணத்தடியில நிண்டு முகம் கழுவிக்கொண்டு நிக்கேக்க போன் ரெண்டு தரம் கத்திச்சு, பேத்தி ஓடியந்து "அம்மப்பா, நிலானி ரீச்சர் போட்டோ அனுப்பியிருக்கிறா" எண்டு நீட்டினாள். நிலானி என்னட்ட படிச்ச பிள்ளை, இப்ப மல்லாவிக்கு உள்ளுக்க ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறா. கீழ எழுதியிருந்தா: "சேர், ஸ்டோர் துப்பரவாக்கேக்க இது கிடந்தது. அதிபர் பழைய மணிக்கூடு எண்டுறார், காவலாளி ஐயா தையல் மெஷின்ட சில்லு எண்டுறார். நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வாறான். என்ன சாமான் சேர் இது?"

கண்ணாடி உள்ளுக்க கிடந்தபடியால் முதல் ஒண்டும் விளங்கேல்லை. உடைஞ்ச கதிரையள், கரையான் அரிச்ச வரைபடச் சுருள், அதுக்கு முன்னால நிமிந்து நிக்கிற ஒரு வளையம், ஒரு சாண் அகலம் வரும், நடுவில வட்டப் பெட்டி, அதிண்ட கண்ணாடி வெடிச்சிருக்கு. கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கொண்டு ரெண்டு விரலால பெருப்பிச்சுப் பாத்தன். தான்சன் கல்வனோமானி, மின்னோட்டம் அளக்கிற கருவி. அது தெரிஞ்ச உடனயே கை கீழ போட்டுது, அடிப்பக்கம் பாக்க. மூண்டு கால். ரெண்டு கால் பித்தளைத் திருகாணி, தலை உருண்டை. மூண்டாவது கால் சைக்கிள் ரியூப் வால்வு.

திண்ணையில இருந்திட்டன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சது ஆறிப்போச்சு.

1996 இல கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது எங்கட பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் போனது. ஆய்வுகூடச் சாமானில எடுக்க ஏலுமானதை சாக்குக்குள்ள கட்டி ஒரு உழவு மெஷின் பெட்டியில ஏத்தினம், நெல்லு மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில. ஸ்கந்தபுரம் பக்கம் ஒரு வளவில கிடுகுக் கொட்டில் போட்டு வகுப்பு தொடங்கேக்க சாக்கை அவிழ்த்தா பாதி உடைசல். கல்வனோமானி தப்பிட்டுது, ஒரு காலை மட்டும் காணேல்லை.

மூண்டு காலும் இல்லாட்டி அதை மட்டம் பாக்க ஏலாது, மட்டமில்லாட்டி உள்ளுக்க இருக்கிற குட்டிக் காந்தம் சுழலாது. வசந்தன் எண்டு ஒரு பெடியன், உயர்தரம் முதலாம் வருசம், அவன்ட தேப்பன் சைக்கிள் திருத்திறவர். அவன் முதல் நாள் ஒரு இரும்பு போல்ற் கொண்டுவந்து பூட்டினான், ஊசி அந்தப் பக்கமே இழுபட்டு நிண்டுது. நான் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு அவனே யோசிச்சு, உடைஞ்ச ஸ்பீக்கர் காந்தத்தை பொக்கற்றுக்க போட்டுக்கொண்டு தேப்பன்ட தகரப் பேணியெல்லாம் கிண்டி, காந்தத்தில ஒட்டாத சாமானாத் தேடி, பித்தளை வால்வு ஒண்டை கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தான். வால்வில மரை இருக்கு, அதிண்ட நட்டைத் திருப்பினா ஏறும் இறங்கும். அடிப்பலகை ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பிச்சுப் பூட்டினான், பழைய காலை விட நல்லா வேலை செய்தது.

சண்டைக் காலம், பற்றறி கொண்டுவரத் தடை. டோர்ச் பற்றறி ஒண்டு வைச்சிருக்கிறதே பெரிய விசயம், ராவில ஜாம் போத்தல் விளக்கிலதான் பிள்ளையள் படிச்சது. பழைய செத்த பற்றறியளை உடைச்சு அதிண்ட நாகக் கோதை வெட்டி எடுத்தம், செம்புக்கு வயர் சுருள், உப்புத்தண்ணி ஒரு வெட்டின போத்தலுக்க. வளையத்தில சுத்தின கம்பியில ஐநூறு சுற்றுக்கு இணைப்புக் குடுத்தா ஊசி இருபத்தஞ்சு பாகை மட்டும் டக்கெண்டு போகும், எல்லாரும் மூச்சை விடாம பாப்பினம், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஏன் இறங்குது எண்டு கேட்டா செம்புக் கம்பியில குமிழி குமிழியா ஐதரசன் ஒட்டியிருக்கிறதைக் காட்டுவன், வயரை ஒருக்கா உதறிப்போட்டு வைச்சா ஊசி திரும்ப ஏறும். முனைவாக்கத்தை நான் அதுக்கு முதலும் பிறகும் அப்பிடி வடிவாப் படிப்பிச்சதில்லை. ஒரு பெடியன் ரேடியோ கேக்க மிதிக்கிற மாதிரி சைக்கிள் டைனமோவைக் கொண்டந்து பூட்டி மிதிச்சான், ஊசி நடுங்கினதே தவிர திரும்பேல்லை. அண்டைக்கு முழுக்க ஆடலோட்டம்தான் பாடம்.

இனித்தான் நான் சொல்லவேண்டின விசயம்.

அந்தக் கருவியில முதல் வேலை வளையத்தை வடக்குத் தெற்காத் திருப்பி வைக்கிறது. ஊசி நிக்கிற திசைக்கு நேரா. ஒவ்வொரு குழுவும் தங்கட வாங்கில வைச்சு, ஊசி காட்டுற வடக்கை சோக்கால கோடு போட்டு செய்முறைக் கொப்பியில வரைய வேணும். வசந்தன் ரெண்டு வாங்கிலயும் வைச்சுப் பாத்திருக்கிறான். மேற்குப் பக்க வாங்கில ஒரு வடக்கு, கிழக்குப் பக்க வாங்கில இன்னொரு வடக்கு, ஏழு பாகை வித்தியாசம். கொப்பியில ரெண்டு கோட்டையும் கீறி, கிழக்கு வாங்குக்குப் பக்கத்தில "இஞ்ச வடக்கு வேற" எண்டு எழுதியிருந்தான், அவன் கதைக்கிற மாதிரியே.

நான் சிவப்புப் பேனையால ரெண்டு கோட்டையும் குறுக்க வெட்டினன். வடக்கு எண்டா ஒண்டுதான், கருவியை அசைச்சுப்போட்டு கண்டபடி எழுதக்கூடாது எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னன். பூச்சியம் போட்டன். அவன் "இல்லை சேர், மூண்டுதரம் பாத்தனான்" எண்டான். நான் கேக்கேல்லை. அந்தக் கிழமை எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை, வீட்டில பிள்ளைக்கு மலேரியாக் காய்ச்சல். அதைச் சொல்லி நான் தப்ப ஏலாது.

அண்டைக்கே பின்னேரம் கிபிர் பிளேன் குண்டு போட வந்தது. எல்லாரும் கொட்டிலுக்குக் கிழக்கால வெட்டியிருந்த பங்கருக்க பாய்ஞ்சம். நான் மல்லாந்து கிடந்தன், மேல பாத்தா குத்திக்குப் பதிலா தண்டவாளம். 1990 ஓட யாழ்தேவி நிண்டுபோச்சு, பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் கழட்டுப்பட்டு சனத்தின்ட பங்கருக்கு மேல ஏறினது எல்லாருக்கும் தெரியும். என்ர தலைக்கு மேல ஆறு துண்டு இரும்பு நிரையா, அதிலயிருந்து கிழக்கு வாங்கு நாலு அடி கூட இல்லை.

எப்ப சொல்லுவம் எண்டு நினைச்சுக்கொண்டு வெளியில வந்தன். பிள்ளையள் அழுதுகொண்டு வீட்டை ஓடினதுகள், அண்டைக்கு ஏலேல்லை. வாற திங்கக்கிழமை சொல்லுவம் எண்டு விட்டன். திங்கக்கிழமை வசந்தன் கலைப்பிரிவுக் கொட்டிலில இருந்தான். பௌதிகம் தனக்குச் சரிவராது எண்டு தேப்பனிட்டச் சொல்லி மாறிட்டானாம். நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். ரெண்டு கொட்டிலுக்கும் நடுவில ஒரு வேப்பமரம்தான்.

நிலானிக்கு வொய்ஸ் போட்டன். பிள்ளை, அதை இரும்புக்காரனுக்குக் குடுக்காதே. அது தான்சன் கல்வனோமானி, பூயே எண்ட பிரெஞ்சுக்காரன் 1837 இல செய்த கருவி. அம்பியர்மானி மாதிரி தனக்குள்ள பெரிய காந்தம் ஒண்டும் வைச்சிருக்காது, பூமியின்ட காந்தப்புலத்தோடதான் மல்லுக்கட்டும். சுருளின்ட புலம் ஒரு பக்கம் இழுக்க பூமி வடக்கால இழுக்க, ரெண்டும் சரிக்குச் சரி வந்தா ஊசி நாற்பத்தஞ்சு பாகையில நிக்கும். நாங்கள் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறபடியால் கிடைப்பக்கப் புலம் எங்களுக்குக் கூட, ஏறக்குறைய 40 மைக்ரோரெஸ்லா, அந்த ஐநூறு சுற்றுக்கு பத்துப் பதிமூண்டு மில்லி அம்பியர் காணும் நாற்பத்தஞ்சுக்கு. பிள்ளையளுக்கு நீ கணக்குப் போட்டுக் காட்டு. அந்த வால்வை மட்டும் கழட்டிப்போடாதே.

அவ "வால்வோ சேர்?" எண்டு திருப்பிக் கேட்டா, நான் பதில் போடேல்லை, சேட்டை மாத்திக்கொண்டு கிளிநொச்சியில பஸ் ஏறினன்.

முறிகண்டியில பஸ் நிக்க எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சினம், நானும் உடைச்சன், ரெண்டு சரை கச்சான் வாங்கினன். மாங்குளம் சந்தியில இறங்கி மல்லாவி றோட்டால கொஞ்ச தூரம் நடந்தா வசந்தன்ட கராஜ். சைக்கிளில தொடங்கி இப்ப மோட்டச்சைக்கிள், தண்ணி பம், லாண்ட்மாஸ்ரர் எல்லாம் திருத்திறான். அந்த றோட்டால எத்தினையோ தரம் போயிருக்கிறன், அவன் "சேர்" எண்டு கையைத் தூக்குவான், நானும் தூக்குவன், அவ்வளவுதான்.

அவன் ஒரு பம்மைக் கழட்டிப் போட்டுக்கொண்டு கீழ குந்தியிருந்தான், தலைமயிர் பாதி நரைச்சிட்டுது. "வாங்கோ சேர், இருங்கோ" எண்டு ஒரு ரயரில சாக்கை விரிச்சான். நான் ஒண்டும் கதைக்காம போனை நீட்டினன். கையைத் துணியில துடைச்சு, கறுப்பு எண்ணை படாம சின்னி விரலால பெருப்பிச்சான். வளையத்தைப் பாக்கேல்லை, நேரா அடிக்குத்தான் போனான்.

"என்ர வால்வு."

"ஓம்."

"நட்டும் அப்பிடியே இருக்கு சேர்."

கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தான். நான் கச்சான் சரையை அவிழ்த்து நடுவில வைச்சன்.

"வசந்தன், அண்டைக்கு நீ எழுதினது சரி. இஞ்ச வடக்கு வேற எண்டது. பங்கருக்கு மேல கிடந்த தண்டவாளம் இழுத்தது. நான் வெட்டினது பிழை. எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும், வந்து சொல்லேல்லை."

அவன் போனை என்ர கையில தந்தான். ஒரு கச்சானை உடைச்சு கோதை ஊதினான்.

"எனக்கும் தெரியும் சேர். உங்களுக்குப் பக்கத்திலதானே கிடந்தனான். நீங்கள் மேல பாத்தனீங்கள், நானும் பாத்தனான். நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு திங்கக்கிழமை இடைவேளை மட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

பம் திருத்தக் கொண்டந்தவர் வாசலில வந்து நிண்டு எப்ப முடியும் எண்டு கேட்டார். வசந்தன் பின்னேரம் வரச்சொன்னான். பிறகு எழும்பி, கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை மட்டும் கழுவினான்.

"மல்லாவி பஸ் பதினொண்டரைக்கு இருக்கு, அதுக்கு நிக்க வேண்டாம், என்ர பைக்கில போவம்" எண்டான். தகரப் பேணி ஒண்டைக் கவிழ்த்து, கிண்டிக் கிண்டி, ரெண்டு மூண்டு பித்தளைத் திருகாணியை எடுத்து சேட் பொக்கற்றுக்க போட்டான். மறந்துபோனவன் மாதிரி திரும்ப உள்ளுக்க போய் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கோ சேர். இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில வைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."