மலருக்கு

ஈரோடு
21.09.2025, ஞாயிறு

அன்புள்ள மலர்,

இந்தப் பத்து நாளில் உன்னிடம் பேச இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் "அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்றுதான் ஆரம்பித்தேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். காரணம் சொல்லப் போகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. உனக்குத் தெரியாத விஷயங்களும் இதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தெரிந்துகொள். இன்னும் எதையோ மறைக்கிறானோ என்று நீ தினமும் யோசிக்க வேண்டாம்.

2023 ஆகஸ்டில் ஆப்ஷன் டிரேடிங்கில் பணத்தை விட்டுவிட்டு, உன் அம்மா போட்ட நாலு பவுன் வளையலை 1,30,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று யாழினி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நீ அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருடம் ஆகஸ்டில் வட்டியை மட்டும் கட்டி அடகைத் திருப்பி வைத்தோம். வளையலை மீட்கத்தான் நீ சீட்டே போட்டாய். கசர் கழித்து மாதம் நாலாயிரம், நாலாயிரத்து ஐநூறு. ஒரு லைனிங் பிளவுஸுக்கு 200 ரூபாய் என்றால், மாதம் இருபது பிளவுஸுக்கு மேல் சீட்டுக்கே தைத்திருக்கிறாய். இந்தக் கணக்கை நேற்று ராத்திரிதான் போட்டுப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிறவன் இதை ஜூன் மாதமே போட்டிருக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கட்கிழமை நீ 1,84,000 ரூபாயை மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தாய். "மீட்டது போக மிச்சம் யாழினி காலேஜுக்கு" என்றாய். நான் பேங்குக்குப் போனேன். கூட்டமாக இருந்தது, மதியம் வரச் சொன்னார்கள். அது வரை உண்மை. உனக்குத் தெரியாதது இனிமேல்தான். ஜனவரியிலிருந்தே நான் மறுபடி டிரேடிங் செய்துகொண்டிருந்தேன். கிரெடிட் கார்டில் 38,000 ரூபாய் கடன் ஏறியிருந்தது. மூன்று நாளில் அதை எடுத்துவிடலாம், வளையலையும் மீட்டுவிடலாம் என்று நினைத்து, உன் பணத்தை என் கணக்கில் கட்டினேன். 1,40,000 ரூபாய்க்கு நிஃப்டி கால் ஆப்ஷன் வாங்கினேன். வியாழக்கிழமை எக்ஸ்பைரி. மார்க்கெட் இறங்கியது. 1,21,000 போய்விட்டது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஜூலை முடிவதற்குள் மீதியையும் விட்டேன். இப்போது இருப்பது 9,400 ரூபாய்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆப்பைத் திறந்தால் முதலில் வருவதே செபி போடச் சொன்ன எச்சரிக்கைதான்: இதில் பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று. தினமும் காலையில் அதைப் படித்து, புரிந்தது என்று தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்தப் பத்தாவது ஆள் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

பணம் போனதைவிட அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. அன்று சாயங்காலம் "மீட்டாச்சா?" என்று கேட்டாய். மீட்டு லாக்கரில் வைத்துவிட்டேன் என்றேன். நீ சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் உன் தங்கை பையன் காதுகுத்துக்கு வளையலை எடுத்து வரச் சொன்னபோது, லாக்கர் சாவி ஆபீஸில் மாட்டிக்கொண்டது என்றேன். நீ கவரிங் போட்டுக்கொண்டு வந்தாய். உன் அம்மா உன் கையைப் பார்த்ததும், நீ என்னை விட்டுக்கொடுக்காமல் "லாக்கர்ல இருக்கும்மா" என்று சொன்னதும் எனக்குத் தெரியும். என் பொய்யை உண்மை என்று நம்பி உன் அம்மாவிடம் சொல்ல வைத்துவிட்டேன். ஏல நோட்டீஸைப் போஸ்ட்மேன் உன் கையில் கொடுத்தபோது நீ எப்படி நின்றிருப்பாய் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

என்னை மன்னித்துவிடு, மலர். பணத்துக்காக, பொய்க்காக, உன் உழைப்பை என் பணம் மாதிரி எடுத்ததற்காக. உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் அது உன் உரிமை. இந்த முறை சத்தியமும் செய்யவில்லை. என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று நீ பார்த்துவிட்டாய்.

செய்து முடித்தவற்றைச் சொல்கிறேன். டீமேட் கணக்கை மூட வெள்ளிக்கிழமை விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு, பின் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி உன் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து இன்று வரைக்குமான பேங்க் ஸ்டேட்மென்டும், கிரெடிட் கார்டு பில்லும், டிரேடிங் கணக்கு விவரமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றுவிடாமல் பார். சந்தேகம் வந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு வை, பதில் எழுதுகிறேன். உன் அண்ணனை வைத்துப் பார்க்க வேண்டும் என்றாலும் சரி, எனக்கு அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

இனிமேல் என் சம்பளம் உன் கணக்குக்கு வரட்டும். போக்குவரத்துக்கு மட்டும் நீ கொடு. வளையலுக்கு ஒரு கணக்கு போட்டிருக்கிறேன். தீபாவளி போனஸ் 22,000 வரும். சாயங்காலம் இரண்டு கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதில் மாதம் 5,000. என் செலவைக் குறைத்து 4,000. பன்னிரண்டு மாதத்தில் 1,08,000. போனஸோடு சேர்த்தால் 1,30,000 சரியாக வரும். அடுத்த தீபாவளிக்குள் வளையல் உன் கைக்கு வர வேண்டும். உன் தையல் காசில் ஒரு ரூபாய் கூட இதற்குப் போகக் கூடாது. யாழினிக்கு நீ ஒதுக்கிய 42,300 ரூபாயும் என் கடன்தான். அடுத்த ஜூனில் அட்மிஷன் வரும்போது அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

உன் அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன். கோபியில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் வாயாலேயே சொல்ல வேண்டும். ஆனால் எப்போது, எப்படி என்பதை நீ சொன்ன பிறகுதான் போவேன். யாழினி நேற்று "ஏம்ப்பா அம்மா பேச மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். அப்பா தப்பு பண்ணிட்டேன், அம்மா மேல தப்பு இல்ல என்று மட்டும் சொன்னேன்.

ஒரு முடிவு அவசரமாக வேண்டும். நோட்டீஸில் 30ஆம் தேதி வரைக்கும் கெடு. பேங்கில் விசாரித்தேன், வட்டி 12,400 ரூபாயைக் கட்டினால் ஏலத்தை நிறுத்தி மறுபடி ஒரு வருடத்துக்குத் திருப்பி வைக்கலாம் என்கிறார்கள். என் பைக்கை 58,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஆபீஸில் ஒருவர் தயாராக இருக்கிறார். அதில் வட்டியையும் கார்டு கடனையும் கட்டினால் 7,600 மிச்சம். நான் டவுன் பஸ்ஸில் போய்க்கொள்வேன். ஆனால் அவரிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் பண விஷயத்தில் இனி எதையும் முடிவு செய்யக் கூடாது, பைக் என்னுடையதாக இருந்தாலும்.

விற்கலாமா வேண்டாமா என்று வியாழக்கிழமைக்குள் சொல். பேசப் பிடிக்கவில்லை என்றால் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை. ஆர்சி புத்தகமும் அதே டிராயரில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செந்தில்