மஞ்சள் கூட்டத்தில் ஒட்டிய 38 சீட்டுகள், வகை பிரித்த பட்டியல்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கமுங்க. சனிக்கிழமை கோபி கூட்டத்தில் "நட்டதிலிருந்து விற்கும் வரை எங்கே கையைக் கடிக்குது?" என்று கேட்டு, நாம 22 பேரும் எழுதி ஒட்டிய சீட்டுகளைப் படத்தைப் பார்த்து எழுதி முடித்துவிட்டேன். மொத்தம் 38. மஞ்சள் நிறச் சீட்டு சிக்கல், அது 23. ரோஸ் நிறம் யோசனை, 10. பச்சை, யாராவது ஏற்கெனவே செய்து பார்த்தது, 5.

எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் எழுதியவர் சொல்லிலேயே வைத்திருக்கிறேன். ஒரே விஷயத்தை மூன்று பேர் எழுதியிருந்தால் எத்தனை பேர் என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். வகை பிரித்தது மட்டும் நான், அதில் தப்பிருந்தால் சொல்லுங்க. கடைசியில் ஆளுக்கு ஒன்றாக வைத்த புள்ளிகளையும் எண்ணிச் சேர்த்திருக்கிறேன்.

வேக வைக்கிறது, காய வைக்கிறது, பாலிஷ் (9 சீட்டு, 9 புள்ளி)

சிக்கல்:
- பாய்லர் வண்டி நம்ம முறைக்கு வர்றதுக்குள்ள வெட்டுன மஞ்சள் காத்துக் கெடக்குது (2 பேர்)
- ஒரு டிரம்முக்கு வாடகை … ரூபா, போன வருசத்துக்கு ஏறிப்போச்சு
- வெரலியும் கிழங்கும் ஒண்ணா போட்டா கிழங்கு உள்ள வேகறதில்லை
- களம் இல்லை, ரோட்டோரம் காய வெக்கறோம்
- பாலிஷ் போட்டா எடை குறையுது, போடலைன்னா வெலை குறையுது

யோசனை:
- கிழங்கு தனியா, வெரலி தனியா வேக வெக்கலாம்
- பத்துப் பேர் சேந்து ஒரே சிமெண்டுக் களம்

செய்து பார்த்தது:
- தார்ப்பாய் விரிச்சு, ராத்திரி மூடி வெக்கறோம்

டிரம் வாடகைச் சீட்டில் தொகை இருந்த இடத்தில் சரியாக ஒரு கட்டைவிரல் மஞ்சள் கறை பதிந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் எழுத்து 4 மாதிரியும் இருக்கிறது, 9 மாதிரியும் இருக்கிறது. ஊகித்துப் போட எனக்கு மனசு வரவில்லை, எழுதியவர் சொல்லிவிடுங்க.

விலை, விற்பனை (8 சீட்டு, 6 புள்ளி)

சிக்கல்:
- நட்டப்போ ஒரு வெலை, வெட்டறப்போ ஒரு வெலை
- சாம்பிளைப் பாத்து ஒண்ணு சொல்றாங்க, மூட்டையப் பிரிச்சதும் கொறைக்கறாங்க
- இருப்பு வெச்சேன், வண்டு உழுந்துருச்சு
- கையில காசு வேணும், வந்த வெலைக்குக் குடுத்துட்டேன்
- புவிசார் குறியீடு வந்துச்சு, எனக்கு என்ன வந்துச்சு

யோசனை:
- ஆடிக்கு மேல வரைக்கும் இருப்பு வெச்சு விக்கோணும்
- ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மூட்டைய வெச்சு பொருளீட்டுக் கடன் வாங்கலாம்
- பொடி அரைச்சு நாமளே விக்கலாம்

இருப்பு வைக்கச் சொல்லும் சீட்டும் இருப்பு வைத்து வண்டு விழுந்த சீட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். "சேமிப்பு" என்று ஒரே வரியாக்கினால் பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயமே காணாமல் போய்விடும், அதனால் இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். குறியீட்டுச் சீட்டுக்கு ஒரு விளக்கம்: ஈரோடு மஞ்சளுக்கு அது கிடைத்தது 2019இல். அந்தப் பேரைப் போட்டு விற்க வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நாம பதிய வேண்டும், தானாக வராது.

விதை மஞ்சள், அழுகல் நோய் (7 சீட்டு, 4 புள்ளி)

சிக்கல்:
- கெழங்கு அழுகல், மூணு வருசமா அதே காடு
- வெளிய வெதை வாங்குனேன், பாதி மொளைக்கலை
- வெதைக்கே பெருஞ்செலவு போகுது

யோசனை:
- அழுகல் இல்லாத காட்டுல இருந்து வெதை எடுத்து நமக்குள்ள பங்கு போட்டுக்கலாம்
- ஒரு வருசம் விட்டு வேற பயிர் போடோணும்

செய்து பார்த்தது:
- டிரைக்கோடெர்மா விரிடி தொழுவுரத்துல கலந்து போடறேன்
- மேட்டுப்பாத்தி போட்டு வடிகால் எடுத்தேன், தண்ணி நிக்கறதில்லை

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். புள்ளி அதிகம் விழுந்தது வேக வைப்பதற்குத்தான், ஆனால் அடுத்து பாய்லர் பக்கம் நாம போகப்போவது தை, மாசியில். விதை அப்படியில்லை, வைகாசி பிறந்தால் நடவு, இப்போது சித்திரை பாதி முடிந்துவிட்டது. நோய் விழுந்த காட்டுக் கிழங்கை எடுத்து நட்டால் அழுகலையும் சேர்த்துத்தான் நடுகிறோம், அதற்கப்புறம் பாய்லர் சரியான நேரத்துக்கு வந்தும் பயனில்லை. மூன்று சிக்கலுக்கு எதிரே இரண்டு யோசனையும் செய்து பார்த்த இரண்டும் இருக்கிற வகை இது ஒன்றுதான், பதில் பாதி நம்ம கையிலேயே இருக்கிறது. அதனால் அடுத்த கூட்டத்தில் இதை முதலில் எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

ஆள், கூலி (6 சீட்டு, 2 புள்ளி)

சிக்கல்:
- ஆளே சிக்கறதில்லை (3 பேர்)
- வெட்டுக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி, அதே வெயில்ல நிக்கற பொம்பளைக்கு ஒரு கூலி

யோசனை:
- வெட்டற மிசின வாடகைக்கு எடுத்து ஊரு ஊரா சுத்தி விடலாம்

செய்து பார்த்தது:
- நாங்க நாலு குடும்பம் மாத்தி மாத்தி ஒத்தாசைக்குப் போறோம்

கூலி வித்தியாசச் சீட்டைக் கூட்டத்திலேயே ஒருவர் "ஆள் பற்றாக்குறை"யோடு சேர்த்து ஒட்டச் சொன்னார். சேர்க்கவில்லை. ஆள் இல்லை என்பது நிலத்துக்காரர் கஷ்டம், இது வேலை செய்கிறவர் கஷ்டம்.

தண்ணீர் (4 சீட்டு, 1 புள்ளி)

சிக்கல்:
- ஆனி வரைக்கும் கெணத்துத் தண்ணி தாங்கறதில்லை
- எங்க மதகுக்கு இந்தத் தடவை புஞ்சை
- போர் வத்திப்போச்சு

செய்து பார்த்தது:
- சொட்டுநீர் போட்டேன், களையும் கொறைஞ்சுது

மூன்று சிக்கலும் கீழ்பவானி வாய்க்கால் பக்கத்து ஆட்கள் எழுதியது. நன்செய் முறைக்கு ஆகஸ்ட் 15ஐ ஒட்டித்தான் அங்கே தண்ணி திறக்கிறார்கள், மஞ்சள் நடுவதோ வைகாசியில், நடுவில் கிணறுதான் கதி. தடப்பள்ளிக்காரர்கள் யாரும் தண்ணீர்ச் சீட்டு ஒட்டவில்லை. புள்ளி குறைவாக விழுந்ததற்கு அவர்கள் அதிகம் வந்திருந்ததும் காரணமாக இருக்கலாம், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதிலும் சேர்க்காதவை (2)

- மழை

மஞ்சள் சீட்டில் இந்த ஒரே சொல்தான். பலகையில் களத்துச் சீட்டுக்கும் அழுகல் சீட்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கிறது. காயப் போட்டதில் பெய்த மழையா, காட்டில் நின்ற மழையா? எழுதியவர் சொன்னால் அங்கே சேர்த்துவிடலாம்.

- நம்மூட்டுப் புள்ளைக இதைப் பண்ணுவாங்களா

ரோஸ் சீட்டு, ஆனால் யோசனை இல்லை, கேள்வி. இதை வகைக்குள் திணிக்க எனக்கு விருப்பமில்லை. தனியாகவே இருக்கட்டும், ஒரு நாள் இதற்கென்றே உட்கார வேண்டும்.

படிக்க முடியாதவை (2)

மேல் ஓரத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு மஞ்சள், ஒரு ரோஸ் சீட்டு வெளுத்துப்போயிருக்கின்றன. மஞ்சள் சீட்டில் "கடன்" என்ற சொல் மட்டும் தெரிகிறது. பலகையைக் கழற்றும்போது ஃபேன் காற்றில் சில சீட்டுகள் பறந்தன, கிடைத்ததெல்லாம் ஒரு கவரில் என்னிடம் இருக்கிறது, அதில் இந்த இரண்டும் இல்லை. யாருடையது என்று தெரிந்தால் வியாழக்கிழமைக்குள் போன் பண்ணுங்க. டிரம் வாடகை, மழை இரண்டும் அப்படியே. வெள்ளிக்கிழமை திருத்திய பட்டியலை எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன்.