ஆண்டு விழா மேடைத் தொகுப்புரை: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, மாலை ஐந்தரை மணி

(தொகுத்து வழங்குவது: தமிழாசிரியை. அடைப்புக்குறிக்குள் இருப்பவை எனக்கான குறிப்புகள், வாய்விட்டுப் படிக்கக் கூடாது. போன வருடம் ஒன்றைப் படித்துவிட்டேன்.)

தொடக்கம்

எல்லோருக்கும் வணக்கம். பந்தலுக்கு வெளியே நிற்கும் அண்ணன்மார் உள்ளே வாருங்கள். முன்வரிசை மட்டும் விருந்தினர்களுக்கு, மற்ற நாற்காலிகள் எல்லாம் உங்களுக்குத்தான்.

தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகிறோம். மனோன்மணியம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தில் இருக்கும் வாழ்த்துப் பாடல் இது. 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலப் பாடல். பதிவு எதையும் ஒலிக்கவிடப் போவதில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் பாடுகிறார்கள். 55 விநாடிதான். அலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்து நிற்போம்.

(பாடல் முடிந்து எல்லோரும் உட்காரும்வரை பேசாதே. நாற்காலிச் சத்தம் அடங்கட்டும்.)

ஒன்றாம் வகுப்பு: காய்கறி நடனம்

திருக்குறள் ஒன்றைச் சொல்லி நிகழ்ச்சியை ஆரம்பிப்பதுதான் வழக்கம். ஆனால் திரைக்குப் பின்னால் ஒன்பது காய்கறிகள் வரிசையில் நிற்கின்றன, அவற்றால் குறளின் இரண்டாவது அடிவரை பொறுக்க முடியாது. அட்டையை வெட்டி வண்ணம் தீட்டி இந்த வேடங்களைச் செய்து கொடுத்தது நான்காம் வகுப்பு அக்காக்கள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எந்தக் காய் என்று கண்டுபிடித்துவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதீர்கள். கூப்பிட்டால் அந்தக் காய் மேடையிலிருந்து இறங்கி உங்களிடமே வந்துவிடும். நேற்று ஒத்திகையில் ஒரு பூசணிக்காய் பாதி ஆட்டத்தில் அப்பாயியைத் தேடிப் போய்விட்டது.

(யாராவது அழுதால்: "இந்தக் காய் இன்றைக்குத்தான் பறித்தது, கொஞ்சம் ஈரமாக இருக்கிறது." சிரிப்பு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொள். பாட்டை நிறுத்தாதே.)

ஐந்தாம் வகுப்பு: கும்மி

காய்கறிகளுக்கு இன்னொரு முறை கைதட்டுங்கள். தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சியைப் பாருங்கள், ஏனென்றால் கும்மிக்குக் கைதான் வாத்தியம். உள்ளங்கையைக் குவித்துத் தட்டினால் ஓர் ஓசை, விரித்துத் தட்டினால் வேறோர் ஓசை. அது உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகப் பெரிய ஒலிபெருக்கிகள் இரண்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகள் பாடுவது நடவுப் பாட்டு. காலாண்டு விடுமுறையில் அவரவர் அப்பாயியிடமும் அம்மாச்சியிடமும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரே பாட்டு ஏழு வீட்டில் ஏழு விதமாக வந்தது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, எல்லாவற்றிலிருந்தும் ஆளுக்கோர் அடி எடுத்துக்கொண்டோம். நடவுக்கு இயந்திரம் வந்த பிறகு வயலில் கேட்காத பாட்டு இது. பாடிக் கொடுத்தவர்கள் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாயி, பிள்ளைகள் அடியை மாற்றிப் பாடினால் அங்கிருந்தே திருத்துங்கள்.

எட்டாம் வகுப்பு: பொய்க்கால் குதிரை

(கட்டை கட்டி முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகும். அவசரப்படாதே.)

நம் தஞ்சாவூர்ச் சீமையின் ஆட்டம் இது. மூங்கில் சட்டத்தின் மேல் காகிதமும் துணியும் ஒட்டிய குதிரைக் கூடு, இடுப்பில். மரக்கட்டை, காலில். ராஜாவும் ராணியும் குதிரையில் வருவதுபோல் நமக்குத் தெரியும். உண்மையில் ராஜாதான் குதிரையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். இந்தக் குதிரைகள் ஒரு நொடிகூடச் சும்மா நிற்காது. அது துள்ளலுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டையின் மேல் ஒரே இடத்தில் நின்றால் ஆள் சாய்ந்துவிடும், கால் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கலாம். பக்கத்து ஊர்க் கலைஞர் ஒருவர் ஆறு சனிக்கிழமை வந்து இதைச் சொல்லிக் கொடுத்தார். முதல் சனிக்கிழமை முழுக்க இருவரும் எட்டாம் வகுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். கைத்தடம் இன்னும் சுவரில் வரிசையாக இருக்கிறது. வெள்ளையடிக்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடும்படி தலைமையாசிரியர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு மேடையில் கேட்கிறேன், மறுக்க முடியாது.

(மேடை ஓரத்தில் இரண்டு ஆசிரியர்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரையை விலக்கச் சொல்.)

ஏழாம் வகுப்பு: பறையாட்டம்

மேடைக்குப் பின்னால் புகை வருகிறதே என்று யாரும் பதற வேண்டாம். பறையைத் தீயில் காய்ச்சுகிறார்கள். தோலில் ஈரம் இருந்தால் ஒலி அமுங்கிப்போகும், சூட்டில் இறுகினால்தான் கணீரென்று எழும். பனி இறங்கும் நேரம் வேறு. ஆகவே இரண்டு நிமிடம் என் குரலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவற்றைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. மலைக்கு ஒரு பறை, வயலுக்கு ஒரு பறை, கடற்கரைக்கு ஒரு பறை. அப்படிப்பட்ட கருவியை இழவு வீட்டோடும் ஒரு தெருவோடும் நிறுத்தி வைத்தது நாம்தான். பள்ளியில் பறை எதற்கு என்று என்னிடமும் இரண்டு பேர் கேட்டார்கள். பயிற்சிக்கு யார் வருகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். பதினான்கு கை உயர்ந்தது, பறை ஆறுதான் இருந்தது. இன்று அடிக்கும் ஆறு பேரில் நான்கு பேர் பெண் பிள்ளைகள்.

வலக்கையில் இருப்பது அடிக்குச்சி, குட்டை, தடிப்பு. இடக்கையில் சிம்புக்குச்சி, நீளம், மெலிவு. எல்லோரும் வலக்கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இடக்கையைப் பாருங்கள்.

(மின்சாரம் போனால் நிறுத்த வேண்டாம். பறைக்கு மைக் தேவையில்லை. ஜெனரேட்டர் அண்ணனுக்குக் கை காட்டு.)

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்: வில்லுப்பாட்டு

காது கொஞ்சம் ஓயட்டும். இது நம் பக்கத்துக் கலை அல்ல, நெல்லை, குமரிச் சீமையிலிருந்து வந்த விருந்தாளி. எங்கள் கணக்கு ஆசிரியர் நாகர்கோவில்காரர், வில்லும் குடமும் உடுக்கையும் அவர் கொண்டு வந்தவை. கணக்கு வகுப்பில் கேட்காத "ஆமா" இவர் வில்லடித்தால் கேட்கிறது. நீங்களும் சேர்ந்து "ஆமா" போடலாம்.

கதை நம்முடையது. ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள். நம் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் வேறு. இரண்டுக்கும் இடையில் ஒரு விவசாயி வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பேசுவதுதான் கதை. நீர்வளத்துறை அதிகாரிகள் யாராவது வந்திருந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது, எழுதியது எட்டாம் வகுப்பு மாணவர்கள்.

நிறைவு

பரிசுகள் கொடுத்தாகிவிட்டது. நன்றியுரையில் எல்லோர் பெயரும் வந்தது, சமையலறைக்காரர்கள் பெயர் மட்டும் கடைசி வரியில் வந்தது. காலை உணவு சமைக்கும் அக்காக்களும் மதியச் சத்துணவு ஆயாவும் அதோ அடுப்படி வாசலில் நிற்கிறார்கள். கொஞ்சம் திரும்பிப் பார்த்துக் கைதட்டுங்கள். அக்கா, உள்ளே ஓடாதீர்கள்.

அடுத்து நாட்டுப்பண், 52 விநாடி. முடிந்ததும் ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் மட்டும் வலதுபக்க முதல் அறைக்கு வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அட்டை வேடங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவும், அடுத்த வருடத்துக்கு வேண்டும். எழுந்து நிற்போம்.

(மைக்கை நிறுத்திவிட்டுப் பேசு.)