பேட்டரி பேக் சீல் பத்தி: வெளியீட்டுக் கூட்டத்தில் பேசியது

சார், மேடம், ரெண்டு நிமிஷம் கொடுங்க. ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரை இறக்கணும்னு நானும்தான் ஒன்றரை வருஷமா ஓடிட்டிருக்கேன். ஆனா இந்த பேட்டரி பேக்கோட அனுப்ப நான் கையெழுத்துப் போட முடியாது.

ஐபி67 டெஸ்ட்ல, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம், புது பேக் எல்லாம் பாஸ். அந்த ரிப்போர்ட்தான் உங்ககிட்ட இருக்கு. அதே பேக்கை சூடாக்கி, குளிரவெச்சு, திரும்பத் திரும்ப ஓட்டிட்டு முக்கினா, பன்னெண்டுல மூணுல தண்ணி இறங்கிடுச்சு. மூடி ஓரத்து கேஸ்கெட் அமுங்கிப்போய் பழைய தடிமனுக்குத் திரும்பல. வெயில்ல நிக்கிற வண்டிக்கு இதுதானே நடக்கும்?

உள்ளே ஈரம் போனா அன்னிக்கே ஒண்ணும் தெரியாது. பஸ்பார்ல அரிப்பு, இன்சுலேஷன் குறையும், அப்புறம் ஷார்ட். ஒரு செல் சூடேறி பக்கத்து செல்லைப் பத்தவெச்சா தண்ணி ஊத்தினாலும் சுலபமா அணையாது. ஜனங்க ராத்திரி வீட்டு வராந்தாவுலதான் சார்ஜ் போடுறாங்க. நாம இறக்குறது ஐப்பசி மழைக்கு முன்னாடி.

சாப்ட்வேர் அப்டேட் போதாதான்னு கேட்டீங்க சார். அது எச்சரிக்கும், தண்ணியைத் தடுக்காது.

ஆறு வாரம் வேணும். சிலிகான் கேஸ்கெட், மூடிக்கு நாலு போல்ட் கூடுதல், அதே டெஸ்ட் மறுபடி. டீலர்கிட்ட பேச நானே வர்றேன். வேண்டாம்னு நீங்க முடிவெடுத்தா, என் ஆட்சேபணையை மினிட்ஸ்ல பதிவு பண்ணிடுங்க.