ஊட்டிக்குப் போக அனுமதி கேட்டு அப்பா அம்மாவுக்கு

சென்னை
30.11.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

போன்ல சொன்னா, அம்மா நீ பயந்து பேச்சை மாத்திடுவ. அப்பா நீங்க "பார்க்கலாம்"னு சொல்லிட்டு வச்சிடுவீங்க. அதனாலதான் எழுதுறேன். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து முழுசா படிங்க.

பிப்ரவரி 5ஆம் தேதி வியாழக்கிழமை ராத்திரி கிளம்பி 9ஆம் தேதி திங்கட்கிழமை காலைல திரும்பற மாதிரி ஊட்டிக்குப் போகணும்னு ஆசைப்படுறோம். பெரியவங்க யாரும் கூட வரலை. மொத்தம் ஆறு பேர். நந்தினி, ஷபானா, ஜெனிபர், நான், அப்புறம் எங்க கிளாஸ் அருண், விக்னேஷ். நாலு பொண்ணுங்க மட்டும் போறோம்னு சொல்லியிருந்தா உங்ககிட்ட சுலபமா சரின்னு வாங்கியிருக்கலாம். நாளைக்கு ஒரு போட்டோல அருணைப் பார்த்தா, அதுக்கப்புறம் நான் சொல்ற எதையும் நீங்க நம்ப மாட்டீங்க. அது எனக்கு வேண்டாம். தங்குறது ரெண்டு ரூம். ஒண்ணுல நாங்க நாலு பேர், கூடுதல் கட்டில் போட்டு. இன்னொண்ணுல அவங்க ரெண்டு பேர். அவங்க வீட்லயும் இதே மாதிரி சொல்லியாச்சு. அருணோட அம்மா உங்ககிட்ட பேசணும்னு அவங்களாவே சொன்னாங்க.

போற வண்டி நீலகிரி எக்ஸ்பிரஸ், 12671. சென்ட்ரல்ல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கிளம்பி பதினோரு மணி வாக்குல நம்ம காட்பாடி வரும். அப்பா, நீங்க அன்னிக்கு பிளாட்பாரத்துக்கு வரணும்னு கேட்டுக்கறேன். கொஞ்ச நேரம்தான் நிக்கும், ஆனா ஆறு பேரும் இறங்கி வந்து உங்ககிட்ட பேசுவோம். நான் யார் கூட போறேன்னு உங்க கண்ணால பார்த்துட்டா, நான் எழுதுறதை விட உங்களுக்கு அது தெம்பா இருக்கும். சாப்பாடு எதுவும் கட்டிட்டு வர வேண்டாம், அந்த நேரத்துக்கு நாங்க சாப்பிட்டு முடிச்சிருப்போம். (அம்மா, நீ கேட்க மாட்டேன்னு தெரியும். எலுமிச்சை சாதம் கொஞ்சமா குடுத்து அனுப்பு.)

விடியக்காலைல மேட்டுப்பாளையம். அங்கேர்ந்து 7.10 மணிக்கு மலை ரயில். இந்தப் பயணமே எனக்கு அதுக்காகத்தான். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. கல்லார் தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்சக்கரப் பட்டை வரும், எஞ்சின் பின்னாடி இருந்து பெட்டியைத் தள்ளிக்கிட்டு குன்னூர் வரைக்கும் ஏறும். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். அந்தக் காட்டுக்குள்ள பல இடத்துல டவர் கிடைக்காது. ஏழு மணிக்கு ரயில் ஏறினதும் மெசேஜ் போடுவேன், அடுத்தது குன்னூர்ல பத்தரை மணி சுமாருக்குத்தான். நடுவுல என் போன் "தொடர்பு எல்லைக்கு அப்பால்"னு சொன்னா பயப்படாதீங்க. மலை ரயில்ல டிக்கெட் கிடைக்கலைன்னா மேட்டுப்பாளையத்துலேர்ந்து அரசு பஸ்ல ஏறிடுவோம்.

தங்குற இடம் சேரிங் கிராஸ் பக்கத்துல, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட ஓட்டல் தமிழ்நாடு. இதைவிட விலை குறைவா எஸ்டேட்டுக்கு உள்ள காட்டேஜ் இருக்குன்னு விக்னேஷ் சொன்னான். நாங்கதான் வேண்டாம்னோம். பொழுது சாஞ்சா தேயிலைத் தோட்டத்துல காட்டுமாடு நடமாடும், ஆட்டோ உள்ள வராது, ஏதாவதுன்னா கூப்பிட ஆள் இருக்காது. சேரிங் கிராஸ்ல வாசல்லயே கடை, பஸ், ஆள் நடமாட்டம் எல்லாம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து, தாவரவியல் பூங்கா மட்டும். சனிக்கிழமை குன்னூர்: சிம்ஸ் பூங்கா, லாம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ். ஞாயிறு காலைல தொட்டபெட்டா, அப்புறம் மத்தியானம் மூணு மணிக்கே பஸ் ஏறி வெளிச்சத்தோட மேட்டுப்பாளையம் இறங்கிடுவோம். திரும்பற ரயில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான். ஸ்டேஷன்ல காத்திருக்கிறது எங்களுக்குப் பரவாயில்லை, இருட்டுல மலைப்பாதை வேண்டாம். காட்பாடியைத் தாண்டும்போது திங்கட்கிழமை விடிஞ்சிருக்காது, அதனால வீட்டுக்கு வராம நேரா சென்னைக்கே போயிடறேன்.

வாடகை பைக் எடுக்க மாட்டோம். இதுல பையனுங்களுக்கு வருத்தம்தான், ஆனா ஒத்துக்கிட்டாங்க. சுத்திப் பார்க்க உள்ளூர் டாக்ஸி, டிரைவர் பேரும் வண்டி நம்பரும் ஏறின உடனே உங்களுக்கு வரும். ஆத்துல, அருவியில இறங்க மாட்டோம். சாயங்காலம் ஆறரைக்குள்ள ரூம். யாரும் தனியா எங்கேயும் போறதில்லை. குடி கிடையாது. இதை ஆறு பேரும் பேசி ஒத்துக்கிட்ட பிறகுதான் எழுதுறேன்.

ஒரு நாளைக்கு மூணு தடவை மெசேஜ் போடுவேன்: காலை எட்டு மணி, மத்தியானம் ரெண்டு, ராத்திரி ஏழு. மலை ரயில் அன்னிக்கு மட்டும் காலைல நான் மேல சொன்ன கணக்கு. சாப்பிட்டாச்சான்னு கேட்டு நடுவுல போன் பண்ணாதம்மா, ராத்திரி ஏழு மணிக்கு நானே கூப்பிட்டு நிதானமா பேசுறேன். மெசேஜ் வரலைன்னா ஒரு மணி நேரம் பொறுங்க. அப்புறம் நந்தினி, அடுத்து அருண், அடுத்து ஓட்டல் ரிசப்ஷன். யாருமே எடுக்கலைன்னா 112. நம்பர் எல்லாம் தனித்தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன், அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வைங்க. இதே தாள் ஆறு பேர் பையிலயும் இருக்கும், போன் தொலைஞ்சாலும் நம்பர் இருக்கணும்.

என் வீசிங் பத்தி நினைச்சுதான் உனக்கு முதல் கவலை வரும்னு தெரியும்மா. பிப்ரவரியில ராத்திரி நல்லா குளிரும். இன்ஹேலர் ரெண்டு எடுத்துட்டுப் போறேன், ஒண்ணு என் பையில, ஒண்ணு ஷபானா பையில. எப்படி அடிக்கணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். கிளம்புறதுக்கு முந்தின வாரம் நம்ம டாக்டரைப் பார்த்துட்டு வரலாம், நீயும் வா. ஊட்டியிலயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. கோயம்புத்தூர் சித்தி மேட்டுப்பாளையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துல வந்துடலாம். ஆனா உங்களைக் கேட்காம சித்திகிட்ட நான் இன்னும் சொல்லலை. நீங்களே சொல்லுங்க.

செலவு எல்லாம் சேர்த்து தலைக்கு 6,000 ரூபாய்க்குள்ள. டியூஷன் பணத்துலேர்ந்து என்கிட்ட 7,500 இருக்கு. ரூமை கேன்சல் பண்ணினா எவ்வளவு பிடிப்பாங்கன்னு கேட்டுட்டுத்தான் பணம் கட்டுவோம்.

அத்தை ஏதாவது சொல்வாங்கன்னு யோசிப்பீங்க அப்பா. அடுத்த வருஷம் எனக்கு வேலை பெங்களூர்லயோ பூனாவுலயோ கிடைக்கலாம், அப்போ தனியாதான் ரயில் ஏறணும். அதுக்கு முன்னாடி, சித்தி கூப்பிடு தூரத்துல இருக்கும்போது, தெரிஞ்ச அஞ்சு பேரோட போய்ப் பழகிக்கிறேன்.

வேண்டாம்னு தோணினா எந்த விஷயம் உறுத்துதுன்னு சொல்லுங்க, அதை மாத்த முடியுமான்னு பார்க்கிறேன். அருண், விக்னேஷ் வர்றதுதான் பிரச்சினைன்னா அதையும் நேரா சொல்லுங்க, உட்கார்ந்து பேசலாம். எதுவும் சொல்லாம தள்ளிப் போட மட்டும் வேண்டாம்.

பயணத்துக்கு 60 நாள் முன்னாடிதான் ரிசர்வேஷன் திறக்கும். நமக்கு அது டிசம்பர் 7, ஞாயித்துக்கிழமை காலை 8 மணி. மறுநாள் மலை ரயிலுக்கு. அது சீக்கிரமே தீர்ந்துடும். சனிக்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பேசலாம். நீங்க சரின்னு சொன்னா ஞாயிறு காலைல அப்பா கம்ப்யூட்டர்லயே டிக்கெட் போட்டுடலாம்.

உங்கள் மகள்,
பவித்ரா